கேட்பது கணினி, டை எதற்கு?

ஓர் எண்ணை வாங்கி அதை இரட்டிப்பாக்கிக் காட்டும் நிரலை எழுதச் சொன்னால், நம் பொறியியல் கல்லூரி மாணவர்களில் பலர் இப்படித்தான் எழுதுவார்கள்:

```python
n = input("Enter n: ")
print("The answer is", int(n) * 2)
```

கல்லூரி ஆய்வகத்தில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ‘எண்ணைக் கொடுங்கள்’ என்று கேட்டு, ‘விடை இது’ என்று சொல்வதை அழகு என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதே நிரலை நிறுவனத்தின் ஆன்லைன் தேர்வில் எழுதினால் பூஜ்யம் விழும். 5 கொடுத்தால் 10 வர வேண்டும் என்பது மட்டுமே அங்கே திருத்தும் மென்பொருளுக்குத் தெரியும். அதன் கைக்குப் போய்ச் சேர்வதோ `Enter n: The answer is 10` என்ற முழு வரி. தன்னிடமுள்ள விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தவறு என்று தள்ளிவிடும். அதற்கு வேண்டியது இவ்வளவுதான்:

```python
n = int(input())
print(n * 2)
```

இந்த மாணவருக்குக் கணக்கும் தெரியும், நிரலும் தெரியும். திருத்துபவரின் கைக்கு என்ன போய்ச் சேர்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. நிரல் தேர்வில் இதை இரண்டு மாதிரித் தேர்வுகளிலேயே பிடித்துவிடலாம். ‘தவறு’ என்று திரையில் உடனே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பேசச் சொல்லி மதிப்பெண் போடும் தேர்விலும், கேமராவைப் பார்த்து பதில் சொல்லும் வீடியோ நேர்காணலிலும் அந்த வசதி இல்லை. பேசி முடித்து, ஒரு வாரம் கழித்து ‘தேர்வாகவில்லை’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். எதில் தோற்றோம் என்று தெரியாமலே மாணவர்கள் அடுத்த நிறுவனத்தின் தேர்வுக்குப் போகிறார்கள். பயிற்சி வகுப்புகளோ டை கட்டு, புன்னகை செய், கைகளை இப்படி வை என்று சொல்லிக் காசு வாங்குகின்றன.

முகபாவத்தைக் கணினி அளக்கிறது என்ற பேச்சு எங்கிருந்தோ வந்ததல்ல. வீடியோ நேர்காணல் துறையில் பெரிய பெயரான அமெரிக்காவின் ‘ஹயர்வ்யூ’ அதைச் செய்துகொண்டிருந்தது. 2019இல் அந்த நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையத்திடம் ஒரு தனியுரிமை அமைப்பு புகார் கொடுத்தது. 2021 ஜனவரியில் முகத்தை அளக்கும் பகுதியைக் கைவிட்டுவிட்டதாக நிறுவனமே அறிவித்தது. விண்ணப்பதாரர் பேசும் சொற்களே போதுமானவை, முகம் கூடுதலாக அதிகம் எதையும் சொல்லவில்லை என்பது அது சொன்ன காரணம். அதே ஆண்டு ஜெர்மனியின் பவேரிய ஒலிபரப்பு நிறுவனச் செய்தியாளர்கள், மியூனிக்கைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் வீடியோ மென்பொருளைச் சோதித்தார்கள். அதே ஆள், அதே பதில். கண்ணாடி போட்டபோது ஒரு மதிப்பீடு, பின்னால் புத்தக அலமாரி இருந்தபோது வேறொரு மதிப்பீடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி முதல், பணியிடத்தில் ஆட்களின் உணர்ச்சிகளை மென்பொருளைக் கொண்டு கணிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டுமே விலக்கு.

முகத்தை அளக்கும் மென்பொருள் எங்குமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது இருக்கும் இடத்திலும், எந்தப் புன்னகைக்கு எவ்வளவு மதிப்பெண் என்று யாராலும் பயிற்சி கொடுக்க முடியாது. பேச்சை அளப்பது வேறு கதை. அதற்கு ஓரளவு வெளிப்படையான கணக்கு இருக்கிறது.

பிபிஓ நிறுவனங்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் ‘வெர்சன்ட்’ தேர்வை எடுத்துக்கொள்வோம். பியர்சன் நிறுவனத்துடையது. கால் மணி நேரம் ஓடும். வாக்கியத்தைப் படிக்க வேண்டும், கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், ஓரிரு சொல்லில் விடை தர வேண்டும், கலைத்துப்போட்ட மூன்று துண்டுகளைச் சேர்த்து வாக்கியமாக்க வேண்டும், கேட்ட கதையை 30 விநாடிக்குள் சொந்த நடையில் சொல்ல வேண்டும். அதன் ஆங்கிலத் தேர்வுக்கு வெளியிடப்பட்ட விளக்கக் கையேட்டில் மதிப்பெண் பிரிக்கப்பட்ட விதம் இது: வாக்கிய அமைப்புக்கு 30 விழுக்காடு, சொல்வளத்துக்கு 20, சரளத்துக்கு 30, உச்சரிப்புக்கு 20. கடைசி இரண்டையும் கூட்டுங்கள். சரிபாதி மதிப்பெண், என்ன சொன்னோம் என்பதற்கில்லை. எப்படிச் சொன்னோம் என்பதற்கு. இலக்கணப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் இதில் ஏன் திணறுகிறார்கள் என்பதற்குப் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இங்கே சரளம் என்பதும் மேடைப்பேச்சு அல்ல. கேள்வி முடிந்து எவ்வளவு நேரத்தில் பேசத் தொடங்கினோம், என்ன வேகத்தில் பேசினோம், நடுவே எங்கே, எவ்வளவு நேரம் நின்றோம் ஆகியவற்றை விநாடிக் கணக்கில் அளக்கிறார்கள். வாக்கியம் முடியும் இடத்தில் நின்றால் குற்றமில்லை. ‘நான்’ என்று தொடங்கிவிட்டு வினைச்சொல்லைத் தேடி நின்றால் அது தடுமாற்றக் கணக்கில் சேரும். தவறான சொல் வாயில் வந்துவிட்டதே என்று பின்னால் போய்த் திருத்திச் சொல்வது நம் பிள்ளைகளின் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அதைப் பாராட்டியிருப்பார்கள். இந்தத் தேர்வில் அது ஒரு தவறை இரண்டாக்குகிறது: சொன்ன தவறு பதிவில் அப்படியே இருக்கிறது, திருத்தப் போனதில் ஓட்டமும் கெடுகிறது. நிற்காமல் அடுத்த சொல்லுக்குப் போவதே மேல்.

திருப்பிச் சொல்லும் பகுதியில் வாக்கியங்கள் நீண்டுகொண்டே போகும். சொல் சொல்லாக மனத்தில் வைத்துக்கொள்ள முயன்றால் ஏழெட்டுச் சொற்களோடு நினைவு நின்றுவிடும். யார், என்ன செய்தார், எப்போது என்று மூன்று துண்டாகப் பிடித்துக்கொண்டால் பன்னிரண்டு சொல் வாக்கியமும் நிற்கும். இதற்குப் பயிற்சி ஆங்கிலச் செய்தி ஒலிபரப்பிலேயே கிடைக்கிறது. ஒரு வாக்கியம் கேட்டதும் நிறுத்திவிட்டு, உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். மனத்துக்குள் சொல்லிக்கொள்வது போதாது.

அடுத்தது உச்சரிப்பு. இங்கே ‘அமெரிக்கன் ஆக்சென்ட்’ வியாபாரம் நடக்கிறது. அதை வாங்க வேண்டாம். கணினிக்கு வேண்டியது ஒரு சொல்லை இன்னொரு சொல்லாகக் கேட்காமல் இருப்பதுதான். தமிழர்களின் நாக்கில் அது சறுக்கும் இடங்கள் சிலவே. ‘ஃப’ வர வேண்டிய இடத்தில் ‘ப’ வந்தால், குடிக்கிற காஃபி நகலெடுக்கிற காப்பியாகிவிடுகிறது. ‘ஷீட்’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘சீட்’ வருகிறது. சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டி ‘பஸ்ஸு’, ‘டெஸ்ட்டு’ என்கிறோம். எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு யகரத்தைச் சேர்த்து ‘யெக்ஸாம்’ என்கிறோம். இவற்றைச் சரிசெய்ய மூக்கால் பேச வேண்டியதில்லை.

எந்த இடத்தில் சறுக்குகிறோம் என்பதை அறிய பத்தாயிரம் ரூபாய் வகுப்பும் வேண்டாம். கையில் இருக்கும் மொபைலே போதும். ஒரு மாணவியின் பயிற்சியை முழுதாகப் பார்ப்போம். கல்விக் கட்டணத்தின் கடைசி நாளை நினைவூட்டும் ஒரு செயலியை நான்கு பேர் குழுவில் செய்தவர் என்று வைத்துக்கொள்வோம். ‘குழுவில் வேலை செய்தபோது வந்த ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள்?’ என்ற கேள்வி வீடியோ நேர்காணல்களில் அடிக்கடி வரும். யோசிக்க 30 விநாடி, பேச 90 விநாடி. அவர் மொபைலில் குறிப்பேட்டைத் திறந்து, விசைப்பலகையின் மைக் பொத்தானைத் தட்டி, குரலைத் தட்டச்சாக்கும் வசதியில் தன் பதிலைப் பேசுகிறார். அதே நேரம் பக்கத்தில் இன்னொரு மொபைலில் குரல் பதிவும் ஓடுகிறது.

முதல் தடவை திரையில் வந்ததைப் படித்தால் சிரிப்பு வரும். கட்டணம் என்பதற்கு அவர் சொன்ன ‘பீஸ்’, ஓரிடத்தில் அமைதி ஆகியிருக்கிறது, இன்னோரிடத்தில் துண்டு, மூன்றாவது இடத்தில் பட்டாணி. அவருடைய திட்டத்தின் மையச் சொல்லே கணினிக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்திருந்தால் இடம் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பார். இப்போது இரண்டு வழிகள் உண்டு. மேல் பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காற்றை விட்டு ‘ஃபீஸ்’ என்று சொல்லிப் பழகலாம். சொல்லின் முடிவை அழுத்தாமல் மென்மையாக விட வேண்டும். அது இன்னும் நாக்குக்கு வரவில்லை என்றால், தேர்வு நாள்வரை கட்டணத்துக்கு வேறொரு சுற்று வழியைப் பிடிக்கலாம். ‘கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னாலும் பொருள் கெடாது. ஒருவருக்கு இப்படித் தவறிப்போகும் சொற்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் சிலவாகத்தான் இருக்கும். அவற்றை மட்டும் தாளில் எழுதிவைத்துப் பழகினால் போதும்.

அடுத்து அவர் திரையில் விழுந்த சொற்களை எண்ணுகிறார். 90 விநாடிக்கு 260 சொற்கள் வந்திருந்தால் பதற்றத்தில் ஓடியிருக்கிறார் என்று பொருள். நூறுக்கும் குறைவு என்றால் இடையிடையே நின்றிருக்கிறார். நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் வரை என்பது கேட்பவருக்கும் கருவிக்கும் வசதியான வேகம். அப்படிப் பார்த்தால் 90 விநாடிக்கு 180 முதல் 225. பிறகு குரல் பதிவைத் திறந்து அதன் அலைக்கோட்டைப் பார்க்கிறார். கோடு தட்டையாகக் கிடக்கும் இடமெல்லாம் மௌனம். ஒவ்வொரு தட்டையான இடத்திலும் நிறுத்தி, அங்கே வாக்கியம் முடிந்ததா, சொல் கிடைக்காமல் நின்றோமா என்று பார்த்தால் தன் சரளத்தைத் தானே திருத்திக்கொள்ளலாம்.

மூன்றாவதாகத்தான் உள்ளடக்கம். அவருடைய முதல் பதிவில் 40 விநாடி, கல்லூரியின் பெயர், துறை, பேராசிரியர், திட்டம் எப்படித் தோன்றியது என்றே போய்விட்டது. சிக்கல் என்னவென்று 60ஆவது விநாடியில் வருகிறது. தான் செய்ததைச் சொல்லத் தொடங்கும்போது நேரம் முடிந்து பதிவு அறுபடுகிறது. போதாக்குறைக்கு எல்லா வாக்கியமும் ‘நாங்கள்’. அடக்கமாகப் பேச வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள். தன் பங்கைத் தனியே சொல்வது தற்பெருமை என்று நினைக்கிறார்கள். ஆனால் விண்ணப்பதாரர் என்ன செய்தார் என்பதைத் தேடும் மென்பொருளுக்கும், பின்னால் அந்தப் பதிவைக் கேட்கும் மனிதவளத் துறை அலுவலருக்கும் அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

திருத்திய பதிலில் பின்னணிக்கு இரண்டே வாக்கியம். மூன்றாவது வாக்கியத்தில் சிக்கல்: நினைவூட்டல் ஒரே மாணவருக்கு இரண்டு முறை போனது. அடுத்த நான்கைந்து வாக்கியங்கள் ‘நான்’: பதிவேட்டை நான் பார்த்தேன், ஒரே எண் இரண்டு இடத்தில் இருப்பதைக் கண்டேன், சேமிக்கும் முன் சரிபார்க்கும் ஒரு படியைச் சேர்த்தேன், குழுவில் இன்னொருவரைக் கொண்டு சோதித்தேன். கடைசி இரண்டு வாக்கியத்தில் விளைவு: எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், பிறகு புகார் வந்ததா. வேலை விளம்பரத்தில் ‘பிழை கண்டறிதல்’, ‘கூட்டுப்பணி’ என்றெல்லாம் எந்தச் சொற்கள் இருக்கின்றனவோ, உண்மையாகப் பொருந்தும் இடத்தில் அதே சொற்களைப் பயன்படுத்தலாம். இடம் பொருள் பார்க்காமல் அவற்றை அள்ளிக் கொட்டினால், பதிவை மனிதர் ஒருவர் கேட்கும் கட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். யோசிக்கக் கிடைக்கும் 30 விநாடியில் வாக்கியங்களை எழுதப் பார்க்காமல் சிக்கல், செயல், விளைவு என்ற மூன்றுக்கும் ஒவ்வொரு சொல் குறித்துக்கொண்டால் போதும். முழுப் பதிலையும் எழுதித் திரையில் ஒட்டிவைத்துப் படிப்பவரின் கண் இடமிருந்து வலமாக ஓடுவதும், குரல் ஏற்றத்தாழ்வில்லாமல் போவதும் பதிவில் அப்பட்டமாகத் தெரியும்.

இவ்வளவும் பழகிய பிறகு, கெடுப்பது பெரும்பாலும் கருவிதான். ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும், பல கணினிகளில் ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். அதில் முதலில் அடிபடுவது ‘ஸ’, ‘ஃப’ போன்ற மேல் அலைவரிசை ஒலிகள். நமக்கு ஏற்கெனவே சிக்கலான அதே ஒலிகள். வயர் உள்ள ஹெட்செட் நல்லது. மைக் வாய்க்கு நேர் எதிரே வேண்டாம், மூச்சுக்காற்று மோதும். வாயின் ஓரமாக, முகவாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும். தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியைத் தேர்வு முடியும்வரை நிறுத்திவிட வேண்டும், வியர்த்தாலும் சரி. ‘பீப்’ ஒலி முடியுமுன் பேசத் தொடங்கினால் முதல் சொல் பதிவில் விழாது. வீடியோவில் வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வர வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும், ஆளை அடையாளம் காணும் சோதனையே தகராறு செய்யும்.

விண்ணப்பதாரர் தன்னால் முடிந்ததெல்லாம் செய்த பிறகும் தவறு நடக்கும் என்பதைக் கல்லூரிகளும் நிறுவனங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். குரல் தேர்வை ஒரே ஆய்வகத்தில் அறுபது பேரை நெருக்கி உட்காரவைத்து நடத்தும் வழக்கத்தைப் பாருங்கள். அறுபது பேரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசுகிறார்கள். பக்கத்து மாணவரின் வாக்கியம் இவருடைய மைக்கில் விழுகிறது. எழுத்துத் தேர்வில் பக்கத்தில் உள்ளவர் தாளில் எழுத விட்டிருப்போமா? ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கையில் அமரவைத்து, இரண்டு மூன்று சுற்றாக நடத்த ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கருவியும் பிழையற்றதல்ல. அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளையர் பேசியதில் நூற்றுக்கு 19 சொற்களைத் தவறாகக் கேட்டவை, கறுப்பினத்தவர் பேசியதில் 35 சொற்களைத் தவறாகக் கேட்டன. இருவருக்கும் தாய்மொழி ஆங்கிலமேதான். எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழின் செய்தியாளர்கள் 2021இல் இன்னொரு வேடிக்கை செய்தார்கள். இரண்டு நேர்காணல் மென்பொருள்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், ஜெர்மன் விக்கிபீடியாப் பக்கம் ஒன்றைப் படித்துக் காட்டினார்கள். ஒன்று ஆங்கிலத் திறனுக்கு 9க்கு 6 போட்டது. மற்றொன்று, அந்த வேலைக்கு 73 விழுக்காடு பொருத்தம் என்றது. இப்படிப்பட்ட கருவியின் மதிப்பெண்ணில் ஒரு புள்ளி குறைந்ததற்காக ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது நியாயமில்லை. வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே நிற்பவர்களின் பதிவையாவது ஒரு மனிதர் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2020 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. வீடியோ நேர்காணலை மென்பொருள் மதிப்பிடும் என்றால் முன்கூட்டியே சொல்லி, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி, ஒப்புதல் வாங்க வேண்டும். விண்ணப்பதாரர் கேட்டால் 30 நாளில் பதிவை அழிக்க வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. இயந்திரம் எடுத்த முடிவுக்கு விளக்கம் கேட்கும் உரிமையை அது தரவில்லை. ஆனால் ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்க அவருடைய தரவைப் பயன்படுத்தும் நிறுவனம், அந்தத் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று அதன் 8ஆவது பிரிவு சொல்கிறது. பக்கத்து மாணவரின் குரல் கலந்த பதிவைத் துல்லியமான தரவு என்று யாரும் வாதாட முடியாது. திக்குவாய் உள்ளவர்களை மௌன இடைவெளியின் நீளத்தை வைத்து எடைபோடுவது இன்னும் மோசம். பேச்சு, மொழிக் குறைபாட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் தன் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் தேர்வுக்கு முன்பே மாற்று ஏற்பாடு கேட்டு எழுத வேண்டும், கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர் அதை முன்னின்று கேட்டுத் தர வேண்டும்.

தேர்வின் நடுவே மின்சாரம் போனாலோ, மைக் அறுந்தாலோ, பக்கத்துக் குரல் விழுந்தாலோ, முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். முடிவு வந்த பிறகு சொல்லும் காரணத்தைத் தோற்றவரின் சாக்காகத்தான் பார்ப்பார்கள். நடந்த நேரம், எத்தனையாவது கேள்வி, திரையில் வந்த பிழைச் செய்தி ஆகியவற்றைத் தேர்வு முடிந்ததும் குறித்துக்கொண்டு, அன்றைக்கே தேர்வு நடத்தும் நிறுவனத்தின் உதவி முகவரிக்கும் வேலைவாய்ப்பு அலுவலருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பதிவு எண்ணையும் சேர்த்து, ‘என் பதிவை ஒருவர் கேட்டுப் பார்க்க வேண்டும், பழுது இருந்தால் மறுதேர்வு தர வேண்டும்’ என்று இரண்டே வரியில் கேட்டால் போதும்.